‘ஆவன செய்யவும்’ என்று எழுதச் சொல்லும் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள்

எமது நிறுவனத்தின் தலைமை அலுவலக நிர்வாகப் பிரிவுக்கும் பிராந்திய முகாமையாளர்களுக்கும்,

கடந்த கிழமை நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை வன்னியிலுள்ள எங்கள் பால் சேகரிப்பு நிலையங்கள் எல்லாவற்றுக்கும் வந்து சேர்ந்தது. சக அலுவலர்களுக்கு எழுதும் மின்னஞ்சல்களில் மரியாதைக் குறைவு தெரிகிறது என்கிறீர்கள். இனி ஆங்கிலத்தில் எழுதினால் ‘கைன்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்றும், தமிழில் எழுதினால் ‘ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்றும் முடிக்க வேண்டும், மேலதிகாரிகளுக்கு நேரமோ திகதியோ குறித்து எழுதக்கூடாது என்று அதில் இருக்கிறது.

இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. முதலில் உங்களுக்குத் தனியாகத்தான் எழுதினேன். ‘நோட்டட்’ என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. என்ன முடிவு எடுத்தீர்கள், எடுக்கப் போகிறீர்களா இல்லையா என்று அந்தச் சொல்லிலிருந்து எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படி இப்போது எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரையோ எவருடைய பெயரையோ நான் இங்கே சொல்லவில்லை. யாரையும் தலைகுனிய வைப்பது என் நோக்கம் இல்லை.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இருக்கும் எங்கள் நிலையம் ஒன்றில் சென்ற ஆண்டு 640 லீற்றர் பால் பழுதாகி வெளியே ஊற்றப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் கோப்பில் அது ‘குளிர்தொட்டிப் பழுது’ என்று பதிவாகியிருக்கிறது. அந்த மூன்று நாளும் நான் அதற்குள் இருந்தவன். போய்வந்த மெயில்கள் எல்லாம் என்னிடம் உண்டு. தொட்டி பழுதானது உண்மைதான். பால் பழுதானது நாங்கள் எழுதிய வசனங்களால்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். அது ஒரு வியாழக்கிழமை. விடிய ஏழு மணிக்குப் பவுசர் வந்து முதல் இரண்டு நாள் பாலையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. தொட்டியைக் கழுவி, எட்டு மணிக்குள் அன்றைய காலைப்பால் 230 லீற்றரை ஊற்றியிருக்கிறார்கள். கறந்த பால் மாட்டின் உடற்சூட்டோடு, 35 பாகைக்குக் கிட்டத்தான் வரும். அதை மூன்று மணித்தியாலத்துக்குள் 4 பாகைக்கு இறக்க வேண்டும். பத்தே காலுக்கு நிலையப் பொறுப்பாளர் பார்த்தபோது 21 பாகையில் நின்றது.

அவர் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்திருக்கிறார். இந்த இடம் முக்கியம். கொன்டென்சருக்குக் காற்று அடிக்கும் காத்தாடி சுழலவில்லை. உறுமல் மட்டும் கேட்டது. ஒரு தடியால் இதழை மெதுவாகத் தள்ளிவிட்டால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. கொம்பிரசர் ஐந்து நிமிடம் ஓடும், ‘டக்’ என்று நிற்கும், கொஞ்சம் கழிய மறுபடி ஓடும். இந்த வேலை தெரிந்த யாரிடமும் இந்த மூன்றையும் சொன்னால், காத்தாடி மோட்டரின் கப்பாசிற்றர் போய்விட்டது போலிருக்கிறது என்றுதான் முதலில் சொல்வார்கள். காத்தாடி சூட்டை வெளியேற்றாததால் கொம்பிரசர் சூடாகித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சாமான். மாற்றுவதற்கு அரை மணித்தியாலம் போதும்.

பிராந்திய அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். “மெயில் போடுங்கோ, மெயில் இல்லாமல் வாகனம் விட ஏலாது” என்றார்கள். அவர் போட்ட மெயில் இது. ஆங்கிலத்தில் எழுதியதை அப்படியே தமிழில் தருகிறேன். பொருள்: ‘குளிர்தொட்டி தொடர்பாக’. உள்ளே: ‘மதிப்பிற்குரிய சேர், மேற்படி விடயம் தொடர்பாக, எமது நிலையத்தின் குளிர்தொட்டி இன்று சரியாக இயங்கவில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். கைன்ட்லி டூ த நீட்ஃபுல். நன்றி.’ பிராந்திய முகாமையாளர், பராமரிப்புப் பொறியியலாளர், ஸ்டோர்ஸ் பொறுப்பாளர், கணக்காளர் ஆகிய நான்கு பேருக்கும் ஒன்றாக அனுப்பினார்.

தடியால் தள்ளிப் பார்த்தது, உறுமல், ‘டக்’ என்று நின்றது, 21 பாகை, 230 லீற்றர் ஒன்றுமே அதில் இல்லை. பின்பு நான் கேட்டேன், “ஏன் தங்கச்சி, அந்த உறுமலை எழுதேல்லை?” “அப்படியெல்லாம் ஒஃபீஸ் மெயிலில எழுதலாமோ அண்ணா?” என்றார். அவருக்கு முன்னால் இருந்தவர் எழுதியதைப் பார்த்துத்தான் அவர் எழுதப் பழகினார். அந்த மாதிரிக்குள் உறுமலுக்கு இடம் இல்லை.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். முகாமையாளர் பதினொன்றரைக்கு நான்கு பேருக்கும் பதில் போட்டார்: ‘நோட்டட். ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்.’ பொறியியலாளர் அதை ஸ்டோர்ஸுக்கு அனுப்பினார்: ‘ஃபோர் நெசசரி ஆக்‌ஷன்.’ ஸ்டோர்ஸிலிருந்து பதில் இல்லை. கணக்காளர் கோப்பில் போட்டுவிட்டார். அன்று பின்னேரம் 90 லீற்றர் வந்தது, ஊற்றினார்கள். வெள்ளி காலை 230, பின்னேரம் 90. வெப்பமானி பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடையில் நின்றது. வெள்ளி மதியம் பொறுப்பாளர் மறுபடி போன் எடுத்தார். “மெயில் போயிருக்குத்தானே, ஆக்கள் பாப்பினம்” என்றார்கள்.

சனி விடிய பவுசர் வந்தது. ஓட்டுநரோடு வந்தவர் சோதனைக்குழாயில் கொஞ்சம் பாலும் அதே அளவு மதுசாரமும் விட்டுக் குலுக்கினார். நான் பக்கத்தில் நின்றேன். நல்ல பால் என்றால் கண்ணாடியில் ஒரே வெள்ளையாக வழிந்து இறங்கும். இது பொடிப் பொடியாகத் திரிந்து குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது. அவர் குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் பவுசரின் குழாயைச் சுருட்டி வைத்தார். 640 லீற்றரும் பின்பக்கக் கிடங்குக்குள் போனது.

விசாரணை வைத்தீர்கள். நானும் அதில் இருந்தேன். வந்த எல்லோரும் கையில் ஒரு மெயிலோடு வந்தார்கள், எல்லோரும் சொன்னது உண்மை. பொறியியலாளர் மெக்கானிக்கை அனுப்ப வாகனத்துக்கு அனுமதி தேவை, முகாமையாளர் அதைத் தருவார் என்று காத்திருந்தார். முகாமையாளர், என்ன பழுது, எவ்வளவு செலவு என்று பொறியியலாளர் சொல்வார் என்று காத்திருந்தார். ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் எந்தச் சாமான் வேண்டும் என்று யாராவது பெயர் எழுதிக் கேட்பார்கள் என்று காத்திருந்தார். கப்பாசிற்றர் வவுனியா ஸ்டோர்ஸில் இருந்தது. அந்த ஒரு ‘நீட்ஃபுல்’லுக்குள் மூன்று பேர் செய்யவேண்டிய மூன்று வேலைகள் கிடந்தன: சாமானைக் கொடுப்பது, வாகனத்தை விடுவது, ஆளை அனுப்புவது. ஒருவர் செய்யாமல் மற்றவர் செய்ய முடியாத வேலைகள். யார் முதலில் அசைய வேண்டும் என்று அந்த வசனம் சொல்லவில்லை, ஒருவரும் அசையவில்லை. ‘சரியாக இயங்கவில்லை’ என்று வாசித்தபோது வெப்பமானியின் எண் பிழையாகக் காட்டுகிறது என்று நினைத்துவிட்டேன் என்று பொறியியலாளர் பின்பு என்னிடம் மனம் வருந்திச் சொன்னார். அவர் சிங்களம் பேசுபவர். நாங்கள் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதியதை அவர் சிங்களத்தில் யோசித்து வாசிக்கிறார். எங்கள் ‘ஆவன செய்யவும்’ போலவே சிங்களத்திலும் கந்தோர்க் கடிதத்துக்கென்று ஒரு வசனம் இருக்கிறது என்றும், இரண்டையும் கண் தானாகத் தாண்டிப் போய்விடும் என்றும் அவரே சொன்னார்.

அன்றைக்கு அனுப்பியிருக்க வேண்டிய மெயில் இப்படி இருந்திருக்கலாம். பொறியியலாளர் ஒருவருக்கு மட்டும், முகாமையாளருக்கும் ஸ்டோர்ஸுக்கும் பிரதி.

பொருள்: குளிர்தொட்டி பழுது, இன்று 2 மணிக்குள் மெக்கானிக் தேவை.

‘சேர், இன்று பி.ப. 2 மணிக்குள் மெக்கானிக்கை அனுப்ப முடியுமா? காலை 8 மணிக்கு ஊற்றிய 230 லீற்றர் பால் 10.15க்கும் 21 பாகையில் நிற்கிறது. கொன்டென்சர் காத்தாடி உறுமுகிறது, சுழலவில்லை. கொம்பிரசர் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. காத்தாடிக் கப்பாசிற்றராக இருக்கலாம், வரும்போது ஒன்று கொண்டுவந்தால் நல்லது. இன்று முடியாது என்றால் 12 மணிக்குள் சொல்லுங்கள். இருக்கிற பாலைப் பக்கத்து நிலையத்துக்கு ஏற்றிவிட்டு, பின்னேரப் பால் எடுக்க மாட்டோம் என்று பண்ணையாளர்களுக்கு அறிவித்துவிடுவேன்.’

இதில் எங்கே மரியாதை குறைகிறது? ‘அனுப்ப முடியுமா’ என்று கேள்வியாகத்தான் கேட்டிருக்கிறது. முடியாது என்று சொல்ல அவருக்கு வழியும் விட்டிருக்கிறது. நேரம் அவரை விரட்டுவதற்குப் போட்டதல்ல, பால் கெடும் நேரம் அது. யார் குறிக்காவிட்டாலும் பால் அந்த நேரத்துக்குக் கெடும். கடைசி வசனம் இன்னும் முக்கியமானது. பதில் வராவிட்டாலும் பாலைக் காப்பாற்றும் வழி அதில் இருக்கிறது. நிலையப் பொறுப்பாளருக்கு அந்த வழி தெரியாமல் இல்லை. ‘ஆவன செய்யவும்’ என்று எழுதிய பிறகு வேலை தன் கையை விட்டுப் போய்விட்டது, இனித் தான் எதையும் தொடக்கூடாது என்று நினைத்துவிட்டார்.

மரியாதை பற்றிய உங்கள் கவலையை நான் தட்டிக்கழிக்கவில்லை. எங்கள் ஆட்கள் ஏன் ‘கைன்ட்லி’யை விடப் பயப்படுகிறார்கள் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். நாங்கள் கதைக்கும்போது மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. ‘அனுப்பு’ என்றால் ஒன்று, ‘அனுப்புங்கோ’ என்றால் வேறு. அந்த ‘ங்கோ’ போதும், அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. ஆங்கிலத்தில் ‘சென்ட்’ என்று எழுதும்போது வால் இல்லாமல் மொட்டையாக நிற்பது போல எங்களுக்குப் படுகிறது. அந்த இடத்தை நிரப்பத்தான் ‘கைன்ட்லி’ வருகிறது. ஆனால் ஆங்கிலத்தில் எங்கள் ‘ங்கோ’வுக்குக் கிட்ட வருவது ‘குட் யூ ப்ளீஸ்’ என்ற கேள்விதான். ‘கைன்ட்லி’ என்று தொடங்கி ஏவலாக எழுதினால், வெளிநாட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் பலருக்கு அது பொறுமை இழந்து அதட்டுவது போலக் கேட்கும். நாங்கள் பணிவு என்று நினைத்துப் போடும் சொல் அங்கே வேறு முகத்தோடு போய்ச் சேருகிறது.

‘டூ த நீட்ஃபுல்’ எங்கள் ஆட்கள் பிழையாகப் படைத்த ஆங்கிலம் என்று சிலர் ஏளனமாகப் பேசுவார்கள். அது சரியல்ல. ஆங்கிலேயர்களே தங்கள் கடிதங்களில் எழுதிய வசனம்தான் அது. அவர்களின் நிர்வாகத்தோடு இந்தப் பக்கம் வந்தது. அவர்கள் நாட்டில் அது வழக்கொழிந்தது, இங்கே கந்தோர்க் கோப்புகளுக்குள் தங்கிவிட்டது. பிழை என்பதற்காக நான் அதை விடச் சொல்லவில்லை, இன்றைய வேலைக்கு அது உதவவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். அதைப் போலத்தான் ‘ரிவேர்ட்’டும். பதில் போடுங்கள் என்ற பொருளில் நாங்கள் எழுதுகிறோம். பழைய நிலைக்குத் திரும்புவது என்றுதான் பலர் அதை வாசிப்பார்கள். ‘ரிப்ளை’ என்று எழுதினால் குழப்பமே இல்லை.

தமிழ் வசனத்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இன்னும் கனக்கிறது. வன்னியில் ‘ஆவன செய்யுமாறு’ என்று எழுதாத வீடு இல்லை. வீட்டுத்திட்டத்துக்கு எழுதினோம். காணியை விடச் சொல்லி எழுதினோம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடித் தரச் சொல்லி எழுதினோம். அந்த நிலையப் பொறுப்பாளர் 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் இருந்து படித்தவர். தாய்க்காக அவர் எழுதிய முதல் விண்ணப்பமும் அந்த வசனத்தில்தான் முடிந்தது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அதிகாரத்தில் இருப்பவரிடம், எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியாத நிலையில், எல்லாவற்றையும் அவர் கையில் விட்டுவிட்டு எழுதும் வசனம் அது. அப்படி எழுத வேண்டி வந்ததில் எங்களுக்குத் தெரிவு இருக்கவில்லை. ஆனால் இது எங்கள் வேலைத்தலம். பொறியியலாளரும் நிலையப் பொறுப்பாளரும் ஒரே தொட்டிப் பாலுக்கு வேலை செய்பவர்கள். காத்தாடியைத் திருத்தித் தரச் சொல்லி அவர் தன் சக அலுவலரிடம் விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என் பொறுப்பில் உள்ள மூன்று நிலையங்களிலும் மாற்றி எழுதத் தொடங்கினோம். கேட்பதை முதல் வசனத்தில் எழுதுவது, செய்யவேண்டிய ஒருவரின் பெயருக்கு மட்டும் அனுப்பிவிட்டு மற்றவர்களுக்குப் பிரதி போடுவது, திகதியும் நேரமும் எழுதுவது, இவ்வளவுதான். பெரிய பயிற்சி ஒன்றும் வைக்கவில்லை. அனுப்புவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கச் சொன்னேன்: இதை வாசிப்பவர் திரும்பப் போன் எடுத்து ‘இப்ப நான் என்ன செய்யவேணும்?’ என்று கேட்பாரா? கேட்பார் என்றால் மெயில் இன்னும் முடியவில்லை.

எங்களுக்கும் பிழைகள் நேர்ந்தன, அதையும் சொல்கிறேன். ‘அடுத்த வெள்ளி’ என்று ஒருவர் எழுத, வாற வெள்ளியா அதற்கு அடுத்ததா என்று தெரியாமல் கால்நடைத் தீவன மூடைகள் ஒரு கிழமை பிந்தி வந்தன. இப்போது கிழமையோடு திகதியையும் சேர்த்து எழுதுகிறோம். ‘அவசரம்’, ‘ஏஎஸ்ஏபி’ என்று எல்லா மெயிலிலும் போட்டு அந்தச் சொல்லையே செத்ததாக்கினோம், அதை விட்டோம். இன்னொருவர் இணையத்தில் பார்த்து ‘டச் பேஸ்’, ‘சேர்க்கிள் பாக்’ என்று புதுப்புது வசனங்கள் எழுத ஆரம்பித்தார். புதியது என்பதைத் தவிர ‘நீட்ஃபுல்’லுக்கும் அதற்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. ஒருவர் ‘லெட்ஜர் அனுப்பவும், 3 மணி’ என்று மட்டும் எழுதினார். தெளிவு இருந்தது, முகம் இல்லை. கணக்காளர் மனம் நொந்துபோனார். அது நியாயம்தான். ‘அக்கா, மாதக் கணக்கை முடிக்க லெட்ஜர் தேவைப்படுகிறது, இன்று 3 மணிக்குள் அனுப்ப முடியுமா?’ என்று காரணத்தையும் சேர்த்து எழுதினால் அதே கேள்வி இதமாகிறது. காரணம் சொல்வதுதான் மரியாதை என்று அந்த அக்காவே எங்களுக்குச் சொல்லித்தந்தார்.

‘ஆவன செய்யவும்’ என்பதற்கு ஒரு நியாயமான இடம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என்ன செய்வது என்று எழுதுபவருக்குத் தெரியாது, வாசிப்பவருக்குத்தான் தெரியும் என்ற நேரம். ஒரு மாட்டுக்கு மடிநோய் என்றால் பால் எடுப்பவர் வைத்தியருக்கு மருந்து சொல்லிக் கொடுக்க முடியாது. ஆனால் அப்போதும் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. முடிவை அவரிடம் விட்டுவிட்டு, எதை முடிவெடுக்க வேண்டும் என்பதை எழுதலாம்: ‘இந்த வீட்டுப் பாலை எடுப்பதா நிறுத்துவதா என்று நாளை விடிய 6 மணிக்கு முன் சொல்லுங்கள்.’ மேலதிகாரிக்கு எழுதும்போதும் அப்படித்தான். அவருக்குக் கட்டளை இடுவது போலிருக்கும் என்ற பயத்தில்தான் எங்கள் ஆட்கள் அந்த வசனத்துக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். ‘வாகனத்துக்கு உங்கள் அனுமதி தேவை, ஆம் அல்லது இல்லை என்று பதில் போட்டால் போதும்’ என்று எழுதினால் முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடமே இருக்கிறது. அவருக்கும் வேலை குறைகிறது.

இந்த முறையில் எழுதிய ஒரு மெயில்தான் உங்கள் சுற்றறிக்கைக்குக் காரணம் என்று அறிகிறேன். சென்ற மாதம், அதே நிலையப் பொறுப்பாளர், ஜெனரேற்றர் டீசல் 12 லீற்றர்தான் இருக்கிறது, நாளை காலை 9 மணிக்குக் கரண்ட் வெட்டுவதாக அறிவித்திருக்கிறார்கள், இன்று 4 மணிக்குள் 40 லீற்றர் அனுப்ப முடியுமா என்று எழுதினார். டீசல் மூன்றரைக்கு வந்தது. மறுநாள் பால் ஒரு சொட்டும் கெடவில்லை. ஆனால் மேலதிகாரிக்கு நேரம் குறித்தார் என்று அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிருக்கிறது. 640 லீற்றர் கெட்டபோது எழுதிய மெயிலில் மரியாதை இல்லை என்று ஒருவரும் குறை சொல்லவில்லை. பாலைக் காப்பாற்றிய மெயிலுக்குத் தண்டனை வந்திருக்கிறது. அந்தப் பிள்ளை இப்போது மறுபடி பழைய மாதிரி எழுதத் தொடங்கிவிட்டார். கடந்த செவ்வாய் அவர் எனக்கு அனுப்பிய மெயில் ‘ஆவன செய்யுமாறு தாழ்மையுடன்’ என்று முடிந்திருந்தது. எனக்கு, அவருடைய அண்ணன் மாதிரி இருக்கும் எனக்கு.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

அந்தச் சுற்றறிக்கையை வருகிற பெரும்போகத்துக்கு முன், ஒக்டோபர் 1ஆம் திகதிக்குள் திரும்பப் பெறுங்கள். மாரி தொடங்கினால் கரண்டும் பாதையும் அடிக்கடி தடைப்படும், அப்போதுதான் நிலையங்களிலிருந்து அதிக மெயில் வரும். சுற்றறிக்கை முழுவதையும் திரும்பப் பெற முடியாது என்றால், நேரமும் திகதியும் குறிக்கக்கூடாது என்ற பந்தியையாவது உடனே நீக்குங்கள்.

நிலையப் பொறுப்பாளரின் கோப்பிலிருந்து எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்துவிடுங்கள், எடுத்ததை அவருக்கு எழுத்தில் அறிவியுங்கள். சென்ற ஆண்டு இழப்புக்கென்று அவருடைய சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கும் தொகையை நிறுத்தி, இதுவரை கழித்ததையும் திருப்பிக் கொடுங்கள். விசாரணையில் அந்த மெயில்கள் எல்லாம் உங்கள் மேசையில் இருந்தன. பிழை அவர் ஒருவருடையது அல்ல என்று அவற்றை வாசித்த எவருக்கும் தெரியும்.

முகாமையாளர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு வரும் மெயிலை இன்னொருவருக்கு அனுப்பும்போது ‘ஃபோர் நெசசரி ஆக்‌ஷன்’ என்று மட்டும் போடாதீர்கள். அவர் என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள் என்று ஒரு வசனம் எழுதுங்கள். அனுமதி தேவைப்படும் மெயிலுக்கு ‘நோட்டட்’ என்று பதில் போடாமல், அனுமதி உண்டு அல்லது இல்லை என்று எழுதுங்கள். மேலே இருப்பவர்கள் எழுதுவதைப் பார்த்துத்தான் கீழே இருப்பவர்கள் எழுதப் பழகுகிறார்கள்.

பழுது அறிவிக்கும் மெயிலுக்கு ஒரு பக்க மாதிரி ஒன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நிலையங்களுக்கு அனுப்புங்கள். என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள், தொட்டியில் எவ்வளவு பால், எத்தனை பாகை, எத்தனை மணிக்குள் யார் வர வேண்டும், வராவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பவற்றுக்கு அதில் இடம் இருக்க வேண்டும். எந்த மொழியில் எழுதவும் அனுமதி இருக்க வேண்டும். மாதிரியைத் தயாரிப்பதற்கு நீங்கள் ஆள் தேட வேண்டியதில்லை. நானும் அந்த நிலையப் பொறுப்பாளரும் பராமரிப்புப் பொறியியலாளரும் சேர்ந்து எழுதித் தருகிறோம். அவர் சம்மதித்துவிட்டார். செப்டெம்பர் 15ஆம் திகதிக்கு முன் எங்கள் மூவரையும் கிளிநொச்சி அலுவலகத்தில் அரை நாள் கூப்பிட்டால் போதும்.

இந்த மடலுக்கு உங்கள் பதிலை செப்டெம்பர் 8ஆம் திகதிக்குள் எழுத்தில் தாருங்கள். எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
வன்னியில் மூன்று பால் சேகரிப்பு நிலையங்களுக்குப் பொறுப்பான உங்கள் கள இணைப்பாளர்